டிரங்குப் பெட்டியில் கிடைத்த டாடா டீ பத்திரம்

கேள்வி: ஐயா, எனக்கு 72 வயது. மறையூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் மூணாறு பக்கம் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். 2003-ல் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம். 2011-ல் அவர் தவறிவிட்டார். மாமியார் அதற்கப்புறமும் மூன்று வருடம் இருந்துவிட்டுத்தான் போனார்கள். போன மாதம் என் வீட்டுக்காரருடைய திவசத்துக்குக் குத்துவிளக்கு எடுக்க டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, அடியில் டாடா டீ கம்பெனி ஷேர் பத்திரம் ஒன்று கிடைத்தது. அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. 50 பங்கு, ஒவ்வொன்றும் 10 ரூபாய் என்று போட்டிருக்கிறது. ஓரத்தைக் கொஞ்சம் கரையான் அரித்துவிட்டது. எஸ்டேட்டில் விசாரித்தால் இது எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். ஒருவர் போன் செய்து, பத்திரத்தைக் கொடுங்கள், மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு மீதியை வாங்கித் தருகிறேன் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் கோர்ட்டுக்குப் போகாமல் முடியாது என்கிறார். எனக்கு இரண்டு மகன், ஒரு மகள். பான் கார்டு கிடையாது. காலேஜ் படிக்கும் பேத்தி துணைக்கு இருக்கிறாள். நானே இதை வாங்க முடியுமா?
மறையூரிலிருந்து ஒரு வாசகி

பதில்:

முடியும் அம்மா. கோர்ட்டுக்கும் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். போன் செய்தவரிடம் பத்திரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் போட்டுவிடாதீர்கள். அவருக்கு எப்படி உங்களைத் தெரிந்தது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். யாரும் உரிமை கோராத பங்குகளின் பட்டியலை, பெயரும், ஃபோலியோ எண் என்கிற பங்குதாரர் கணக்கு எண்ணும் போட்டு, கம்பெனிகளே தங்கள் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்துத்தான் இந்த ஆட்கள் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். அவர் உங்களைக் கண்டுபிடித்தாரென்றால், உங்கள் வீட்டுக்காரர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம். பங்கு தொலையவில்லை என்பதற்கு அதுவே ஓர் அடையாளம்.

எஸ்டேட்டில் சொன்னது சரிதான். மூணாறில் டாடா டீயிடம் இருந்த தோட்டங்களில் பெரும்பகுதி 2005-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற தனிக் கம்பெனிக்குப் போய்விட்டது. கை மாறியது தோட்டம். உங்களிடம் இருப்பதோ தோட்டத்தில் பங்கு அல்ல, டாடா டீ என்ற கம்பெனியில் பங்கு. அந்தக் கம்பெனி 2010-ல் டாடா குளோபல் பெவரேஜஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2020-ல் டாடா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் ஆனது. பெயர்தான் மாறியிருக்கிறது, கம்பெனி அதேதான். நீங்கள் எழுத வேண்டியது டாடா கன்ஸ்யூமருக்கும் அதன் ரெஜிஸ்ட்ராருக்கும். பங்குதாரர் கணக்கைக் கம்பெனிக்காக வைத்துப் பராமரிக்கும் நிறுவனத்தைத்தான் ரெஜிஸ்ட்ரார் என்கிறோம். பத்திரத்தில் அச்சாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரார் முகவரிக்கு எழுதவேண்டாம். இருபது முப்பது வருடத்தில் இந்த நிறுவனங்கள் இணைந்து, பெயர் மாறி, இடமும் மாறிவிட்டன. கம்பெனி இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியில் இன்றைய முகவரி இருக்கும். பேத்தி எடுத்துத் தந்துவிடுவாள்.

பத்திரத்தில் 50 என்று இருந்தாலும் இன்று கணக்கில் இருப்பது 50 அல்ல. 2010-ல் டாடா டீ தன் 10 ரூபாய்ப் பங்கைப் பத்து ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. அந்த ஒன்றினால் மட்டுமே உங்கள் 50 பங்கு 500 ஆகியிருக்கும். போன் செய்தவர் கேட்கிற மூன்றில் ஒரு பங்கு என்பது அதில் 166 பங்கு. இறுதி எண்ணிக்கையை ரெஜிஸ்ட்ரார்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பிரிப்பு நடக்கும்போது சில கம்பெனிகள் பழைய பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியது தரும். சில கம்பெனிகள் பழையது செல்லாது என்று அறிவித்துவிட்டுப் புதியதைத் தபாலில் அனுப்பிவிடும். உங்கள் விஷயத்தில் அப்படி ஏதாவது வந்திருந்தால் பழைய குவார்ட்டர்ஸ் முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கும். ஆகவே கையில் இருக்கும் காகிதம் செல்லாததாக ஆகியிருந்தால்கூட உரிமை போய்விடாது. உரிமை இருப்பது கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில்.

பங்கு இப்போது எங்கே இருக்கிறது என்பதும் இந்த முகவரிக் கதையோடு சேர்ந்ததுதான். நீங்கள் 2003-ல் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது உங்கள் கணவர் கம்பெனிக்கு முகவரி மாற்றம் எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். டிவிடெண்ட் என்கிற லாபப் பங்குக்கான வாரண்ட் ஒவ்வொரு வருடமும் அங்கே போய்த் திரும்பியிருக்கும். கம்பெனிச் சட்டம் 2013-ன் 124-வது பிரிவுப்படி, ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால் அந்தப் பணம் மட்டுமல்ல, பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும். பங்குகளை அப்படி மாற்றுவது 2017-ல் பெரிய அளவில் தொடங்கியது. உங்களுடையதும் அங்கேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். iepf.gov.in தளத்தில் பெயரையோ ஃபோலியோ எண்ணையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

நிதியத்துக்குப் போனதால் பதறவேண்டாம். உரியவர் கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதே விதி, அதற்குக் கடைசித் தேதி கிடையாது. அங்கே இருக்கும் காலத்தில் போனஸ், பிரிப்பு ஆகியவை அந்தப் பங்குகளோடு சேர்ந்துகொள்ளும், டிவிடெண்டும் உங்கள் பெயரில் சேரும். ரைட்ஸ், அதாவது பங்குதாரர்கள் பணம் கட்டிப் புதுப் பங்கு வாங்கும் வாய்ப்பு மட்டும் கிடைக்காது. டாடா கன்ஸ்யூமர் 2024-ல் ரைட்ஸ் வெளியிட்டது. அந்த வாய்ப்பு போனதுதான், அதை மீட்க வழியில்லை.

இப்போது கோர்ட் விஷயம். கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்காமல் முடியாது என்று உங்களிடம் சொன்னவர் பழைய நடைமுறையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழையே ஏற்றுக்கொள்ளவேண்டும். அதோடு, பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் நஷ்டத்துக்கு நானே பொறுப்பு என்று நோட்டரி முன் எழுதிய இழப்பீட்டுப் பத்திரம் ஒன்றும், பங்கு கேட்காத மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லாக் கடிதமும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். நாமினி பதிவாகியிருந்தால் இதுகூட வேண்டாம். அதனால் முதல் கடிதத்திலேயே, இந்த ஃபோலியோவில் நாமினி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

மறையூர் தேவிகுளம் தாலுகாவில் வருவதால் வாரிசுச் சான்றிதழ் அங்கேதான். கேரளத்தில் இதற்கு வில்லேஜ் ஆபீசர் விசாரித்து அறிக்கை தருவார். அப்புறம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டு அரசிதழில் அறிவிப்பு வரும், முப்பது நாள் அவகாசம் போகும். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் 'எங்களுக்குச் சீக்கிரம் கிடைத்ததே' என்பார்கள். இங்கே அந்த அறிவிப்புக் காலத்தைக் குறைக்க முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், மற்ற வேலைகள் அது ஓடும்போதே ஓடட்டும்.

விண்ணப்பத்தில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மாமியார் உங்கள் கணவருக்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 உங்களுக்குப் பொருந்தும், உங்கள் கணவர் உயில் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சட்டப்படி ஓர் ஆண் இறக்கும்போது மனைவி, பிள்ளைகள் ஆகியோரோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். ஆகவே 2011-ல் உங்கள் கணவருக்கு வாரிசுகள் நால்வர் அல்ல, ஐவர். நீங்கள், மூன்று பிள்ளைகள், மாமியார்.

இதை 500 பங்கில் வைத்துப் பார்ப்போம். ஆளுக்கு 100 பங்கு. மாமியாருடைய 100 பங்கு 2014-ல் அவர் இறந்தபோது அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. உங்களுக்கு ஒரே ஒரு கொழுந்தன் இருக்கிறார், வேறு நாத்தனார் யாரும் இல்லை, மாமனாரும் முன்பே தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த 100-ல் 50 கொழுந்தனுக்கு. மீதி 50, இறந்துபோன மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் மூன்று பிள்ளைகளுக்கு. உங்களுக்கு அதில் பங்கு இல்லை. சட்டக் கணக்குப்படி 500-ல் உங்கள் தனி உரிமை 100-தான் என்பதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மற்றவர்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொடுத்தால் முழுவதும் உங்கள் பெயருக்கே வரும், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அதனால் விண்ணப்பத்தில் மாமியாரை விட்டுவிடாதீர்கள். அவர் இறந்துவிட்டாரே, எதற்கு என்று விட்டுவிட்டால் சான்றிதழ் நான்கு பேரோடு வரும். ரெஜிஸ்ட்ரார் 'பெற்றோர் நிலை என்ன' என்று கேட்டுத் திருப்பி அனுப்பும்போது தாலுகா ஆபீஸில் முதலிலிருந்து தொடங்கவேண்டும், அரசிதழ் உட்பட. மாமியாரின் மரணச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்தனிடம் இப்போதே பேசிவிடுங்கள். 'அண்ணன் பேரில் இப்படி ஒரு பத்திரம் கிடைத்தது, அம்மா வழியில் உங்களுக்கும் இவ்வளவு வருகிறது' என்று கணக்கைச் சொல்லியே கேளுங்கள். அவர் தன் பங்கை விரும்பினால் விற்ற பிறகு கொடுத்துவிடலாம் என்று குடும்பத்துக்குள் பேசி எழுதிக்கொள்ளலாம். தெரியாமல் கையெழுத்து வாங்கி, பின்னால் அவர் கேள்விப்பட்டு ஆட்சேபம் எழுதினால்தான் விஷயம் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போகும்.

அடுத்தது பெயர். மலைப்பக்கத்துத் தமிழர்கள் எல்லோரையும் இது ஒருமுறையாவது அலைய வைக்கும். பத்திரத்தில் இனிஷியலோடு சண்முகம் என்று இருப்பவர் பஞ்சாயத்து மரணச் சான்றிதழில் ஷண்முகன் ஆகியிருப்பார், இனிஷியல் முன்னாலிருந்து பின்னால் போயிருக்கும். மும்பையிலோ ஹைதராபாத்திலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். உங்கள் கணவருடைய பெயர் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால், இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அதற்கு ஆதாரமாக அவர் காலத்து ஆவணம் ஒன்றையும் வைக்கவேண்டும். பி.எஃப். சீட்டு, எஸ்டேட் அடையாள அட்டை, பழைய ரேஷன் கார்டு எதுவானாலும் சரி. பத்திரத்தில் உள்ள எஸ்டேட் முகவரியும் அந்த ஆவணத்தில் இருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. பெட்டியில் இருந்த மற்றக் காகிதங்களை எரித்துவிடாதீர்கள். மலையாளத்தில் மட்டும் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு செய்து நோட்டரி சான்றோடு வைத்துவிட்டால் ஒரு சுற்றுத் தபால் மிச்சம்.

உங்கள் சொந்தக் காகிதங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆதார். அதில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, இப்போது நீங்கள் வைத்திருக்கும் போன் நம்பர் இணைந்திருக்கிறதா என்று அக்ஷயா மையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் இணைந்திருந்தால் incometax.gov.in தளத்தில் ஆதார் வைத்தே இ-பான் இலவசமாக எடுக்கலாம், பேத்தி வீட்டிலிருந்தே செய்வாள். பெயர் ஆதாரில் உள்ளபடியே வரும், அதனால்தான் ஆதாரை முதலில் சரிபார்க்கச் சொல்கிறேன். பிறகு பேங்க் பாஸ்புக்கிலும் அதே எழுத்து இருக்கவேண்டும். கடைசியாக, பங்குகளைக் காகிதமில்லாமல் மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு. 2022 முதல் இந்த மாதிரி உரிமை மாற்றத்தில் பங்கு காகிதமாகத் திரும்பி வருவதில்லை, டீமேட்டில்தான் வரும். மகன் பெயரில் டீமேட் இருக்கிறது, அதில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உரிமை கோருபவர் பெயரிலேயே கணக்கு இருக்கவேண்டும். நீங்கள் கோருவதால் உங்கள் பெயரில். அடிப்படைச் சேவைக் கணக்கு என்று கேட்டுத் திறந்தால், உள்ளே இருக்கும் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை வருடக் கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 100 ரூபாய்தான். திறக்கும்போதே நாமினி போட்டுவிடுங்கள். உங்கள் கணவர் போட்டிருந்தால் நீங்கள் இந்தத் தாலுகா ஆபீஸ் படியே ஏறவேண்டாம்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வயதானவர்களுடைய விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதில்தான். குமுளிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. பேங்கில் அவர் கணக்குத் தொடங்கியபோது தமிழில் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். படிவங்களில் கை நடுங்கியதால் பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டார். ரெஜிஸ்ட்ராருக்குப் போகும் படிவங்களில் ஐஎஸ்ஆர்-2 என்று ஒன்று உண்டு. உங்கள் பேங்க் மேனேஜர் உங்கள் கையெழுத்தைத் தங்கள் பதிவோடு ஒப்பிட்டு, தன் பெயர், ஊழியர் எண், முத்திரையோடு சான்று தரவேண்டும். மேனேஜர் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லை என்று மறுத்துவிட்டார். அந்தப் பாட்டி முதலில் பேங்கில் தன் மாதிரிக் கையெழுத்தை இப்போது போட முடிகிற மாதிரிக்கு மாற்றிப் பதிந்தார். அந்தக் கையெழுத்தையே டீமேட்டிலும், இழப்பீட்டுப் பத்திரத்திலும், எல்லாப் படிவத்திலும் போட்டார். அதன் பிறகு எதுவும் நிற்கவில்லை. தமிழில் கையெழுத்துப் போடுவதில் ஒரு தடையும் இல்லை. கைநாட்டுகூட உரிய சான்றோடு செல்லும். எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கவேண்டும், அவ்வளவுதான். நீங்களும் படிவங்களைத் தொடுவதற்கு முன் பேங்குக்கு ஒருமுறை போய் அங்கே பதிவாகியிருக்கும் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, இனி விண்ணப்பம் போகும் வழி. முதலில் ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும். அதில் கணவர் பெயர், ஃபோலியோ எண், சான்றிதழ் எண், பங்குகளின் தொடர் எண் எதிலிருந்து எதுவரை, இவை எல்லாம் பத்திரத்தில் இருக்கின்றன. மரணச் சான்றிதழ் நகல், உங்கள் ஆதார் நகல், பத்திரத்தின் இரண்டு பக்க நகல் வையுங்கள். இன்று எத்தனை பங்கு, நிதியத்துக்குப் போயிற்றா, வாங்காத டிவிடெண்ட் எவ்வளவு, நாமினி உண்டா என்று கேளுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்தையும் நீங்கள் படித்துப் பார்க்கவேண்டும். அவர் வேறு யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால், முன்பக்கத்தில் பழையவர் பெயரும் பின்பக்கத்தில் மாற்றப் பதிவில் அவர் பெயரும் இருக்கும். கடைசியாகப் பதிவாகியிருக்கும் பெயர் அவருடையதாக இருந்தால் போதும்.

பதில் வந்த பிறகு ரெஜிஸ்ட்ரார் சொல்லும் படிவங்கள்: உங்கள் விவரத்துக்கு ஐஎஸ்ஆர்-1, கையெழுத்துக்கு ஐஎஸ்ஆர்-2, இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றக் கோரும் ஐஎஸ்ஆர்-5. இவற்றோடு வாரிசுச் சான்றிதழ், இழப்பீட்டுப் பத்திரம், ஆட்சேபம் இல்லாக் கடிதங்கள், டீமேட் கணக்கு விவரத் தாள், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை. மூலப் பத்திரத்தை அவர்கள் கேட்கும் கட்டத்தில் மட்டும் அனுப்புங்கள், அதுவும் ஸ்பீட் போஸ்டில். கரையான் அரித்த ஓரத்தில் டேப் ஒட்டவேண்டாம், லேமினேஷன் கூடவே கூடாது. எண்களும் பெயரும் படிக்க முடிந்தால் அரித்த பத்திரம் பிரச்சினை இல்லை.

பங்கு நிதியத்தில் இருந்தால், காகிதங்களைச் சரிபார்த்துக் கம்பெனி தரப்பில் உங்களுக்கு ஓர் உரிமைக் கடிதம் தருவார்கள். இத்தனை பங்கு, இவ்வளவு டிவிடெண்ட், இவருக்கு உரியது என்று அதில் இருக்கும். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் mca.gov.in தளத்தில் IEPF-5 என்ற படிவத்தை நிரப்பவேண்டும். முன்பெல்லாம் ஆட்கள் முதலில் படிவத்தைப் போட்டுவிட்டு அப்புறம் காகிதம் தேடுவார்கள், கம்பெனி நிராகரிக்கும், மறுபடி முதலிலிருந்து. நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம். உரிமைக் கடிதத்தில் உள்ள எண்ணிக்கையும் தொகையும் அப்படியே படிவத்தில் வரவேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. படிவத்தைச் சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து, இழப்பீட்டுப் பத்திரம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, உரிமைக் கடிதம் எல்லாவற்றோடும் இந்த வேலைக்கென்று கம்பெனி நியமித்திருக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்பவேண்டும். நிதியத்துக்கு நேராக அனுப்பக்கூடாது. கம்பெனி 30 நாளுக்குள் சரிபார்ப்பு அறிக்கை அனுப்பவேண்டும், அதன் மேல் நிதியம் 60 நாளுக்குள் முடிவெடுக்கவேண்டும் என்பது விதி. நடைமுறையில் அதைத் தாண்டிப் பல மாதம் ஆவதை நான் பார்த்திருக்கிறேன். வாரிசுச் சான்றிதழிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முடிவில் பங்கு டீமேட்டுக்கும், டிவிடெண்ட் உங்கள் பேங்க் கணக்குக்கும் வந்து சேரும்.

இடையில் ரெஜிஸ்ட்ரார் பதிலே போடாமல் இருந்தால், அல்லது ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குறை சொல்லித் திருப்பினால், scores.sebi.gov.in தளத்தில் செபிக்குப் புகார் பதியலாம். 21 நாளுக்குள் கம்பெனி பதில் சொல்லியாகவேண்டும். அதற்காகவே அவர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு தபாலின் ரசீதையும் தேதியோடு ஒரு ஃபைலில் பேத்தியிடம் கொடுத்து வையுங்கள். ரெஜிஸ்ட்ராரின் முதல் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பங்கு எண்ணிக்கையையும் அவர்கள் கேட்கும் காகிதங்களையும் பார்த்து, தேவையில்லாத எதையாவது கேட்டிருந்தால் சொல்கிறேன்.